பெயரை அடித்துவிட்டால் போதுமா?

மார்ச் முடிந்தால் அலுவலகங்களில் அப்ரைசல் காய்ச்சல் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு மேனேஜரும் தனக்குக் கீழே இருக்கும் எட்டுப் பத்துப் பேரைப் பற்றி ஆளுக்கு நாலைந்து வரி எழுத வேண்டும். பெரும்பாலும் கடைசித் தேதி இரவு பதினோரு மணிக்குத்தான் எழுதுவார்கள். அதன்பிறகு இன்கிரிமென்ட் கடிதம் வரும், எல்லோரும் சதவீதத்தைப் பார்ப்பார்கள், கொஞ்ச நாள் கேன்டீனில் புலம்பல் நடக்கும், அத்தோடு முடிந்தது. எழுதின வரிகள் எல்லாம் எங்கேயோ ஒரு ஃபைலில் தூங்கும்.

தூங்கினால் பரவாயில்லை. மே மாதம் நிர்வாகத்திலிருந்து ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் வரும்: "இந்த வருடம் மேனேஜர்கள் பொதுவாக என்ன சொல்லியிருக்கிறார்கள்? இரண்டு பக்கத்தில் சுருக்கமாக வேண்டும்." கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் எதற்குப் பயிற்சி கொடுப்பது, எங்கே ஆள் எடுப்பது, எந்த வேலைமுறையை மாற்றுவது என்பதற்கெல்லாம் அந்த வரிகளில் நிஜமாகவே விஷயம் இருக்கிறது. பிரச்சினை அதைச் சுருக்குகிற விதத்தில். வழக்கமாக நடப்பது இதுதான். எக்செல்லில் பெயர் இருக்கும் பத்தியை டெலீட் செய்வார்கள். மிச்சத்தைப் படித்து "தகவல் தொடர்பு", "நேர மேலாண்மை" என்று ஆறு தலைப்பு போடுவார்கள். ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் சுவாரஸ்யமான இரண்டு வரிகளை அப்படியே ஒட்டுவார்கள். பெயர் இல்லையே, அப்புறம் என்ன பயம் என்று அனுப்பியும் விடுவார்கள்.

பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்ற நம்பிக்கை எவ்வளவு ஓட்டையானது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. லதான்யா ஸ்வீனி அப்போது எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த மாணவி. கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியோடு அந்த ஊரில் ஆறு பேர் இருந்தார்கள். அதில் மூவர் ஆண்கள். அவருடைய பின்கோடில் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு அம்பலம்!

அங்கேயாவது ஒரு நகரத்துக்குள் தேட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. அறுபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கு எப்போது கல்யாணம், யார் எதற்கு லீவு போட்டார், யார் மதியம் தனியாகச் சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்காளர் பட்டியல் அவரவர் தலைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் இது புரியும். பல கம்பெனிகளின் கணக்கு வேலையை ஒப்பந்தத்தில் செய்து தரும் ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 61 பேர். பில் பட்டுவாடா பிரிவில் 24 பேர், வசூல் பிரிவில் 18, மாத இறுதிக் கணக்கு முடிக்கும் பிரிவில் 14, சம்பளப் பிரிவில் 5. முதல் மூன்று பிரிவுக்கும் இரண்டிரண்டு மேனேஜர்கள், சம்பளப் பிரிவுக்கு ஒருவர். ஆக ஏழு மேனேஜர்கள் 61 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதில் மூன்று குறிப்புகள் இப்படி இருக்கின்றன:

"பிரசவ விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து மாத இறுதியில் இரண்டு முறை தாமதம். ஆறு மணிக்கு மேல் இருக்க முடிவதில்லை. வேலையில் பிழை இல்லை."

"நல்ல உழைப்பாளி. ஆனால் சிக்கல் வந்தால் கடைசி நாள் வரை வாயே திறப்பதில்லை. அப்பா தவறியதிலிருந்து யாரிடமும் ஒட்டுவதில்லை."

"வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சைக்குப் போகிறார். அந்த நாட்களில் வங்கிக்கு அனுப்பும் சம்பள ஃபைலை வேறு யாராலும் போட முடிவதில்லை."

மூன்றாவது குறிப்பைப் பாருங்கள். இதை நல்லெண்ணத்தோடுதான் சுருக்குவார்கள்: "சம்பளப் பிரிவில் ஒரு ஊழியர் தொடர் சிகிச்சையில் இருப்பதால் மாற்று ஆள் ஏற்பாடு தேவை." பெயர் இல்லை, ஆணா பெண்ணா என்று இல்லை, எந்த நோய் என்றும் இல்லை. ஆனால் இருப்பது ஐந்து பேர். இரண்டு நாள் வராதவர் யார் என்று வாட்ச்மேனுக்கும் தெரியும். இதுவரை "ஏதோ சொந்த வேலையாகப் போகிறார்" என்று நினைத்துக்கொண்டிருந்த ஐம்பத்து சொச்சம் பேருக்கும், அவர் மேனேஜரிடம் மட்டும் சொல்லி வைத்த விஷயம் இப்போது கம்பெனி அறிக்கையிலேயே போய்ச் சேர்ந்தாயிற்று. அடுத்த வருடம் பதவி உயர்வுக்குப் பெயர் வரும்போது மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் வேலையா நினைவுக்கு வரும், சிகிச்சையா நினைவுக்கு வரும்?

இந்த இடத்தில் நம் நாட்டு நீதிமன்றங்கள் சொன்ன இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. அரசு ஊழியர்களின் வருடாந்திர ரகசியக் குறிப்பு பற்றி 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு பதிவையும் சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2012-ல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவருடைய பணி விவரங்களை இன்னொருவர் கேட்டபோது, ஊழியரின் செயல்பாடு முதன்மையாக அவருக்கும் வேலை கொடுத்தவருக்கும் இடையிலான விஷயம் என்றது. சேர்த்துப் படித்தால், சம்பந்தப்பட்டவருக்குத் திறந்த கதவு, மூன்றாம் ஆளுக்கு மூடிய கதவு. இரண்டும் அரசு ஊழியர் பற்றிய தீர்ப்புகள்தான், தனியார் கம்பெனிகளை அப்படியே கட்டாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தகவலைத் தனியாகச் சம்மதம் வாங்காமல் பயன்படுத்த இடம் இருக்கிறது. ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக, இரண்டு பேருக்குள் எழுதப்பட்ட வரியை அறுபது பேருக்குப் படித்துக் காட்டலாம் என்று ஆகிவிடாது.

சரி, எப்படித்தான் சுருக்குவது?

பெரும்பாலானவர்கள் அந்தரங்கத்தை மறைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். அறிக்கை எழுதி முடித்தபிறகு கறுப்பு மை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். குறிப்பைக் கையில் எடுத்த உடனேயே அதை உடைக்க வேண்டும். ஒரு மேனேஜர் எழுதும் நாலு வரியில் சாதாரணமாக இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கும். ஒன்று, வேலையில் என்ன நடந்தது. இன்னொன்று, அந்த ஆளுக்கு என்ன நடந்தது. அந்தரங்கம் ஏறக்குறைய எப்போதும் இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கும், "ஏன் என்றால்" என்ற வார்த்தைக்குப் பின்னால். முதல் பாதியை எடுத்துக்கொண்டு, இரண்டாவது பாதியை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். "சொந்தக் காரணங்களால்" என்று மாற்றி எழுதுவதும் கூடாது. அது கதவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது. என்ன சொந்தக் காரணம் என்றுதான் படிப்பவர் முதலில் யோசிப்பார்.

அந்தப் பிரசவ விடுப்புக் குறிப்பை இப்படி உடைத்துப் பார்க்கலாம். வேலைப் பக்கம் கிடைப்பது: மாத இறுதி முடிப்பு இரண்டு முறை தாமதம், வேலை ஆறு மணியைத் தாண்டி நீள்கிறது, பிழை இல்லை. இப்போது அதே பிரிவின் மற்ற குறிப்புகளையும் இதே மாதிரி உடைத்து வைத்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. 14 பேரில் 8 பேரைப் பற்றி மாத இறுதித் தாமதம் எழுதப்பட்டிருக்கிறது, இரண்டு மேனேஜர்களாலும். ஒருவரைப் பற்றி "பைக் ரிப்பேர்", ஒருவரைப் பற்றி "கவனம் சிதறுகிறது", இன்னொருவரைப் பற்றி "புதுசு". ஆளுக்கு ஒரு காரணம். இந்தக் காரணங்களையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே சங்கதி. பில் பட்டுவாடா பிரிவின் ஒரு மேனேஜர் தன் ஆட்கள் சிலரைப் பற்றி எழுதியதையும் பக்கத்தில் வைத்தால் விடை வந்துவிடுகிறது: "முதல் தேதி முடிய வேண்டிய பில்கள் மூன்றாம் தேதிதான் அடுத்த பிரிவுக்குப் போகின்றன." இரண்டு நாள் தாமதமாக வந்த பில்லை யாராக இருந்தாலும் இரவு உட்கார்ந்துதான் முடிக்க வேண்டும். குழந்தை வைத்திருப்பவர் உட்கார முடியவில்லை, மற்றவர்கள் உட்கார்ந்தும் முடிக்கவில்லை.

ஆக அந்தரங்கத்தை விட்டதால் அறிக்கை நஷ்டப்பட்டுவிடவில்லை. மேனேஜர் சொன்ன தனிப்பட்ட காரணம் உண்மைக் காரணத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. எல்லாத் தடவையும் இப்படி அழகாக அமையாதுதான். ஆனால் மேனேஜர்கள் வேலைமுறையின் கோளாறுக்கு ஆளின் வாழ்க்கையில் காரணம் தேடுவது மிகச் சாதாரணம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். "குழந்தை வைத்திருப்பவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பதை மறைத்துவிட்டால் நிர்வாகம் குழந்தைக் காப்பகம் பற்றி எப்படி யோசிக்கும்?" நல்ல கேள்வி. பதில், அதை மேனேஜரின் வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்பதுதான். ஒருவருடைய வீட்டு நிலைமையை மேனேஜர் அரைகுறையாகத்தான் அறிவார், சில நேரம் தப்பாகவும். காப்பகம் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பெயர் கேட்காத ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி ஊழியர்களிடமே கேட்கலாம். சொல்ல விரும்புகிறவர் சொல்வார். அப்ரைசல் குறிப்பு அதற்காக எழுதப்பட்டதே அல்ல.

அடுத்தது எண்ணுவது. உடைத்த துண்டுகளை எக்செல்லில் வரிசையாக வைக்கும்போது பெயருக்குப் பதில் ஒரு எண் கொடுப்பார்கள், மேனேஜருக்கும் அப்படியே. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி ஃபைலில், வேறு ஒருவரிடம் இருக்க வேண்டும். பெயரை அடியோடு அழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்தால் அரையாண்டுக் குறிப்பிலும் முழு ஆண்டுக் குறிப்பிலும் வரும் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவோம். எண்ண வேண்டியது தலைகளை, வரிகளை அல்ல. நிறைய எழுதும் மேனேஜர் ஒருவர் இருந்தால் அவருடைய கவலைகளே கம்பெனியின் கவலையாகிவிடும். A பத்தியில் ஊழியர் எண், B-யில் மேனேஜர் எண், C-யில் தலைப்பு எண் இருந்தால், T3 என்ற தலைப்பில் எத்தனை பேர் என்பதற்குப் புது எக்செல்லில் இது போதும்:

```
=ROWS(UNIQUE(FILTER(A2:A301,C2:C301="T3")))
```

முதலில் வரும் A2:A301 என்பதை B2:B301 என்று மாற்றினால் எத்தனை மேனேஜர்கள் என்று வந்துவிடும். இந்த இரண்டாவது எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆனால் முக்கியமானது அதுதான்.

வழக்கமாக ஒரு வாசல்படி வைப்பார்கள்: ஐந்து பேருக்குக் குறைவாக வரும் எதையும் தலைப்பாகப் போடக் கூடாது. ஐந்து என்பது தெய்வ வாக்கு ஒன்றும் இல்லை, பெரிய அலுவலகத்தில் பத்து வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் வாசல்படி மட்டும் காப்பாற்றாது. நம் உதாரணத்தில் சம்பளப் பிரிவு மேனேஜர் தன் ஐந்து பேரைப் பற்றியும் "புதிய வரி விதிகள் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஐந்து ஆயிற்று, படி தாண்டியாயிற்று. "சம்பளப் பிரிவில் வரி விதி பற்றிய அறிவு போதாது, 5 பேர்" என்று போட்டால் யார் என்று தேட வேண்டியதே இல்லை, அத்தனை பேருக்கும் முத்திரை குத்தியாயிற்று. கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்பதுதான் எண்ணிக்கையின் பாதுகாப்பு. கூட்டம் முழுவதுமே அதுவாக இருந்தால் எங்கே ஒளிவது? அதனால்தான் இன்னொரு நிபந்தனை: குறைந்தது மூன்று மேனேஜர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே மேனேஜர் ஐந்து பேரைப் பற்றிச் சொன்னால் அது கம்பெனியின் பொதுப் பிரச்சினையா, அந்த மேனேஜரின் பார்வையா என்பதே தெரியாது. அதை அவரிடமே தனியாகப் பேச வேண்டும்.

பார்வை என்றதும் ஞாபகம் வருகிறது. 2014-ல் மொழியியல் படித்த கீரன் ஸ்னைடர் என்பவர் தொழில்நுட்பத் துறை ஊழியர்களிடமிருந்து 248 அப்ரைசல் குறிப்புகளைச் சேகரித்துப் படித்து ஃபார்ச்சூன் இதழில் எழுதினார். பெண்களுக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் குணத்தைப் பற்றிய குறை அடிக்கடி வந்தது, ஆண்களுக்கு அது மிக அபூர்வம். கொஞ்சம் சின்ன, தன்னார்வமாகக் கொடுத்தவர்களின் தொகுப்புதான். ஆனாலும் "முரட்டுத்தனமாகப் பேசுகிறார்" என்று ஏழு குறிப்பு கிடைத்த உடனே "பேச்சு நயம்" என்று ஒரு தலைப்பு போட்டுப் பயிற்சி வகுப்பு நடத்தக் கிளம்பும் முன், எழுதியவர்கள் யார், யாரைப் பற்றி என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்தச் சரிபார்ப்பு உள்ளேயே நடக்க வேண்டும், அறிக்கையில் வரக் கூடாது.

இப்போது மிகவும் தந்திரமான இடத்துக்கு வருவோம். கழித்தல் கணக்கு! "சிக்கலைச் சீக்கிரம் சொல்வதில்லை" என்ற தலைப்பில் மொத்தம் 20 பேர், 5 மேனேஜர்கள். நன்றாகப் படி தாண்டிய தலைப்பு. அறிக்கை போகிறது. இரண்டு நாள் கழித்து நிர்வாகத்திலிருந்து யாரோ கேட்கிறார்: "பிரிவு வாரியாகக் கொடுக்க முடியுமா?" ஹெச்.ஆர். பையன் விவரமானவன். பில் பட்டுவாடாவில் 8, வசூலில் 6, கணக்கு முடிப்பில் 5 என்று கொடுத்துவிட்டு, சம்பளப் பிரிவில் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவு என்பதால் ஒரு கோடு போட்டு விடுகிறான். எட்டும் ஆறும் ஐந்தும் பத்தொன்பது. மொத்தம் இருபது. கோடு போட்ட இடத்தில் ஒன்று என்று எழுத ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். ஐந்து பேரில் ஒருவர், அதிகம் பேசாதவர். அப்பா தவறியதிலிருந்து யாரிடமும் ஒட்டாதவர் என்று ஊருக்கே தெரிந்த அதே ஆள்.

கோடு போட்டு மறைப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளைத் தயாரிப்பவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்: ஒரு கட்டத்தை மறைத்தால் கூடவே இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அலுவலக அறிக்கையில் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சம்பளப் பிரிவைக் கணக்கு முடிப்புப் பிரிவோடு சேர்த்து "19 பேரில் 6" என்று கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. அதைவிடச் சுலபம், பிரிவு வாரி அட்டவணையே தருவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது. எண்ணுக்குப் பதில் "சிலர்", "பலர்" என்று போட்டு, சிலர் என்றால் 5 முதல் 9, பலர் என்றால் 10 அல்லது அதற்கு மேல் என்று முன்பக்கத்தில் எழுதிவிடலாம். எண் இல்லாவிட்டால் கழிக்க முடியாது. இரண்டு அறிக்கைகள் வெளியானால் இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு ஆள் நிச்சயம் இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். போன வருட அறிக்கையும் இதில் அடக்கம்.

மேற்கோள் பற்றியும் சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்கு மேற்கோள் என்றால் அல்வா மாதிரி. "ஒரு மேனேஜர் சொல்வது போல..." என்று ஆரம்பித்தால் அறிக்கைக்கு உயிர் வந்துவிடுகிறது. ஆனால் "கடைசி நாள் வரை வாயே திறப்பதில்லை" என்று எழுதுபவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான் இருப்பார். மீட்டிங்கிலும் அவர் அப்படித்தான் பேசுவார். சம்பந்தப்பட்ட ஊழியரும் தன் அப்ரைசலில் அதே வரியைப் படித்திருப்பார். பொது அறிக்கையில் தன்னைப் பற்றிய வரியை அச்சு அசலாகப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேற்கோளே வேண்டாம். மூன்று நாலு குறிப்புகளில் பொதுவாக இருப்பதைச் சொந்த வாக்கியத்தில் எழுதினால் போதும். உயிர் கொஞ்சம் குறையும்தான், குறையட்டும்.

இதெல்லாம் செய்தபிறகும் ஓட்டை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெச்.ஆரிலேயே, ஏற்கெனவே இந்தக் குறிப்புகளைப் பார்க்க அனுமதி உள்ள, அந்த அலுவலகத்தில் நாலைந்து வருடம் பழகிய ஒருவரிடம் வரைவைக் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் "இது யார்?" என்று ஊகிக்கச் சொல்ல வேண்டும். அவர் வாயில் ஒரு பெயர் வந்தால் அந்த வரி தோல்வி. இதில் ஒரு நுட்பம், அவர் சொன்ன பெயர் தப்பாக இருந்தாலும் தோல்விதான். "ஆள் தப்பு, அப்படியானால் பத்திரம்" என்று சந்தோஷப்படக் கூடாது. சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் அந்தக் குறை ஏறப்போகிறது என்று அர்த்தம். அவர் மறுக்கவும் முடியாது, ஏனென்றால் யாரும் அவரிடம் நேரில் கேட்கப்போவதில்லை.

எல்லாவற்றையும் தலைப்புக்குள் அடைத்துவிடவும் முடியாது. குறிப்புகளைப் படிக்கும்போது "அந்த டீமில் ஒருவர் தன்னிடம் தப்பாகப் பேசுகிறார் என்று இவர் சொன்னார்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், ஒருவர்தானே, படி தாண்டவில்லை என்று விட்டுவிடுவது மகா பாவம். "பணியிடச் சூழல்" என்று பூசி மெழுகி ஒரு தலைப்பில் சேர்ப்பதும் அதே அளவு தப்பு. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்த வரி தொடர்புடையவரிடம் பேசிவிட்டு அங்கே போக வேண்டிய விஷயம். சுருக்கும் வேலையைத் தொடங்கும் முன்பே இப்படி வரும் வரிகளை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவைக்காவிட்டால், எக்செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பவர் திகைத்துப் போய் ஒன்றும் செய்யாமல் விடுவார்.

இந்த முறைக்கு விலையும் உண்டு. படி தாண்டாத நல்ல விஷயங்கள் செத்துப்போகும். நாலு பேர் மட்டும் கேட்ட ஒரு மென்பொருள் பயிற்சி அறிக்கையில் வராது. இருபது பேர் மட்டும் வேலை பார்க்கும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் போட்டால் ஒரு தலைப்பும் மிஞ்சாமல் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் அறிக்கையே எழுதாமல், மேனேஜர்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, "ஆட்களைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்" என்று ஒரு மணி நேரம் கேட்பது மேல்.

உதாரண அலுவலகத்துக்குத் திரும்பினால், கடைசியில் நான்கு தலைப்புகள் மிஞ்சின. ஒன்று, பில்கள் இரண்டு நாள் தாமதமாக வருவதால் மாத இறுதி முடிப்பு இழுக்கிறது. இரண்டு, சிக்கல்கள் கெடு நெருங்கியபிறகே மேலே தெரிகின்றன. மூன்று, வாடிக்கையாளர் கம்பெனிகளுக்கு எழுதும் மெயில்கள் தெளிவாக இல்லை. நான்கு, சில வேலைகள் ஒரே ஒருவரை நம்பி இருக்கின்றன, அவர் இல்லாத நாளில் நின்றுவிடுகின்றன. இந்த நாலாவதில் 9 பேர், 4 மேனேஜர்கள். சம்பள ஃபைல் இதற்குள்தான் இருக்கிறது. கூடவே வசூலில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கை ஒருவரே பார்ப்பது, பில் பட்டுவாடாவில் ஒருவரிடம் மட்டும் பாஸ்வேர்டு இருப்பது எல்லாமும் இருக்கின்றன. சிகிச்சை என்ற சொல் எங்கும் இல்லை. நிர்வாகம் அதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டிய முடிவு, முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆளைப் பழக்குவது, வங்கி ஃபைலுக்கு இன்னொருவருக்கும் அனுமதி கொடுப்பது. அதற்கு முதல் ஆள் ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டிய அவசியம் எந்த இடத்திலும் இல்லை.

வரிகளை உடைத்து வைத்த அந்த எக்செல் ஃபைலும், எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியலும் மட்டும் பாக்கி. அறிக்கை ஏற்கப்பட்ட மறுநாள் இரண்டையும் அழித்துவிட வேண்டும், ஈ-மெயிலில் போன நகல்களையும் சேர்த்து. மூலக் குறிப்புகள் எப்படியும் அப்ரைசல் மென்பொருளில் அவரவர் பக்கத்தில் பத்திரமாக இருக்கும்.